மதிப்பு தெரிந்தால் கடன், கடன் தெரிந்தால் மதிப்பு: மூலதனச் செலவின் சுழற்சியை அவிழ்ப்பது

ஒரு திட்டத்தின் மதிப்பைக் கணக்கிட, அது வருங்காலத்தில் தரப்போகும் பணத்தை ஒரு கழிவு விகிதத்தால் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவருகிறோம். திட்டத்துக்குப் பாதிப் பணம் கடனாகவும் பாதி சொந்தப் பங்காகவும் வருகிறது என்றால், அந்த விகிதம் இரண்டின் செலவையும் அவற்றின் பங்கின்படி கலந்து எடுத்த சராசரி. இதைத்தான் சராசரி மூலதனச் செலவு என்கிறார்கள். இதுவரை சிக்கல் இல்லை.

சிக்கல் 'பங்கின்படி' என்ற இடத்தில் இருக்கிறது. கடன் எத்தனை சதவீதம் என்று சொல்ல, கடனைத் திட்டத்தின் மதிப்பால் வகுக்க வேண்டும். திட்டத்துக்கு ஆன செலவால் வகுக்கக் கூடாது. அதன் இன்றைய சந்தை மதிப்பால்தான் வகுக்க வேண்டும். அந்த மதிப்பைத்தானே தேடிக்கொண்டிருக்கிறோம்? மதிப்புக்கு மூலதனச் செலவு வேண்டும், மூலதனச் செலவுக்குக் கடன் விகிதம் வேண்டும், கடன் விகிதத்துக்கு மதிப்பு வேண்டும்.

கடன் கொடுப்பவர் 'உங்கள் திட்டத்தின் மதிப்பைப் பொறுத்துக் கடன் தருகிறேன்' என்று சொல்லும்போது இன்னொரு வளையமும் சேர்கிறது. மதிப்பு கூடினால் கடன் கூடும். கடன் கூடினால் வட்டி கூடும். பல நாடுகளின் வரி விதிகளில் வட்டியைச் செலவாகக் காட்டலாம் என்பதால் வரி குறையும். வரி குறைந்தால் திட்டத்தில் மிஞ்சும் பணம் கூடி, மதிப்பு இன்னும் கூடும். மதிப்பு கூடியதால் கடனும் மறுபடி கூடும். இது எங்கே போய் நிற்கும் என்பதை ஒரு சிறிய கணக்கை வைத்துப் பார்க்கலாம்.

கணக்கு

மூன்றே ஆண்டுகள் ஓடும் ஒரு திட்டம். வட்டியைக் கணக்கில் எடுக்காமல், வரி கட்டிய பிறகு மிஞ்சும் பணம் முதல் ஆண்டு முடிவில் 300, இரண்டாம் ஆண்டு முடிவில் 400, மூன்றாம் ஆண்டு முடிவில் 500. அத்துடன் திட்டம் முடிந்துவிடும். எந்த நாட்டுப் பணமாகவும் இருக்கட்டும், கணக்கு மாறாது.

கடனே இல்லாமல் இந்தத் திட்டத்தை நடத்தினால் முதலீட்டாளர் எதிர்பார்க்கும் வருமானம் 12 சதவீதம். கடனுக்கு வட்டி 8 சதவீதம். வரி 25 சதவீதம். ஒவ்வொரு ஆண்டின் தொடக்கத்திலும் அந்த நேரத்துத் திட்ட மதிப்பில் பாதி கடனாக இருக்கும் என்பது ஒப்பந்தம். திட்டம் முடிவை நெருங்க நெருங்க மதிப்பு இறங்கும். கடனும் கூடவே இறங்கும்.

கடன் தரும் ஒரே கூடுதல் பலன் வரிச் சேமிப்பு. ஓர் ஆண்டின் வரிச் சேமிப்பு என்பது வரி விகிதம், வட்டி விகிதம், ஆண்டுத் தொடக்கக் கடன் மூன்றையும் பெருக்கி வருவது. அதையும் திட்டத்தின் பணத்தோடு சேர்த்து, கடைசி ஆண்டிலிருந்து பின்னோக்கி வந்தால் மதிப்பு கிடைக்கும்:

```
V(t) = [ F(t+1) + T × rd × D(t) + V(t+1) ] ÷ (1 + ru)
D(t) = 0.5 × V(t)
```

இதில் V மதிப்பு, F திட்டம் தரும் பணம், D கடன். T வரி விகிதம், rd வட்டி, ru கடனில்லாத நிலையில் எதிர்பார்க்கும் வருமானம். V(t) சமன்பாட்டின் இரண்டு பக்கமும் இருப்பதைக் கவனியுங்கள். வலப்பக்கம் D(t) என்ற வேடத்தில் நிற்பதும் அதுதான்.

வரிச் சேமிப்பை ஏன் 12 சதவீதத்தில் கழிக்கிறோம், கடனின் 8 சதவீதத்தில் ஏன் இல்லை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கடன் தொகை முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருந்தால், வரிச் சேமிப்பும் ஏறத்தாழக் கடனைப் போலவே உறுதியானது. அப்போது 8 பொருந்தும். இங்கே கடன் மதிப்பின் பின்னாலேயே போகிறது. திட்டம் நன்றாகப் போனால் கடனும் வரிச் சேமிப்பும் பெருகும், மோசமானால் இரண்டும் சுருங்கும். ஆக, வரிச் சேமிப்பு திட்டத்தின் அபாயத்தையே சுமக்கிறது.

சுற்றுச் சுற்றாக

சுழற்சியை அவிழ்க்கும் வழி எளிது. மதிப்பு என்னவென்று ஓர் ஊகத்தை வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து கடனையும், கடனிலிருந்து வரிச் சேமிப்பையும், அதிலிருந்து புதிய மதிப்பையும் கணக்கிடுங்கள். புதிய மதிப்பை அடுத்த ஊகமாக எடுத்துக்கொண்டு இதையே திரும்பச் செய்யுங்கள். எண்கள் அசையாமல் நின்றதும் நிறுத்துங்கள்.

முதல் ஊகமாகக் கடனில்லாத மதிப்பை எடுப்போம். மூன்றாம் ஆண்டின் 500-ஐ 1.12-ஆல் வகுத்தால் 446.43. அதோடு 400-ஐச் சேர்த்து வகுத்தால் 755.74. அதோடு 300-ஐச் சேர்த்து வகுத்தால் 942.62. இது இன்றைய மதிப்பு.

இனி முதல் சுற்று. இன்றைய கடன் 942.62-இல் பாதி, அதாவது 471.31. அதற்கு 8 சதவீத வட்டி 37.70. அதில் 25 சதவீதம் வரிச் சேமிப்பு, 9.43. இதே வழியில் இரண்டாம் ஆண்டுக்கு 7.56, மூன்றாம் ஆண்டுக்கு 4.46. இவற்றைச் சேர்த்துப் பின்னோக்கி வந்தால் இன்றைய மதிப்பு 960.24 ஆகிறது.

மதிப்பு ஏறிவிட்டதால் கடனும் ஏறும். எனவே இரண்டாம் சுற்று. அதில் 960.51 வருகிறது. மூன்றாம் சுற்றில் மறுபடியும் 960.51. மாற்றம் மூன்றாவது தசம இடத்துக்குப் போய்விட்டது.

| சுற்று | இன்றைய மதிப்பு | மாற்றம் |
|---|---|---|
| தொடக்க ஊகம் | 942.625 | |
| 1 | 960.243 | 17.618 |
| 2 | 960.511 | 0.268 |
| 3 | 960.515 | 0.004 |

இவ்வளவு சீக்கிரம் ஏன் நிற்கிறது? மதிப்பு 1 அலகு கூடினால் கடன் அரை அலகு கூடுகிறது. அந்த அரை அலகுக்கு வட்டி 0.04. அதில் வரிச் சேமிப்பு 0.01 மட்டுமே. அதாவது சுழற்சி ஒருமுறை சுற்றிவரும்போது, 1 அலகு மாற்றம் ஓர் ஆண்டுக்கு நூறில் ஒரு பங்காகச் சுருங்கித்தான் திரும்பி வருகிறது. மூன்று ஆண்டுகளுக்கும் சேர்த்துப் பார்த்தாலும் நமது அட்டவணையில் ஒவ்வொரு மாற்றமும் முந்தையதில் அறுபதில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. சுழற்சி பயமுறுத்துவது போலத் தெரிந்தாலும் அதன் இழுவிசை மிகச் சிறியது.

இதே காரணத்தால் முதல் ஊகம் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. மதிப்பு பூஜ்யம் என்று தொடங்கினாலும் முதல் சுற்றில் கடனில்லாத மதிப்பே கிடைக்கும், அப்புறம் அதே பாதைதான். நிரலாக எழுதினால் இவ்வளவுதான்:

```python
F = [300, 400, 500]
ru, rd, T, L = 0.12, 0.08, 0.25, 0.5
V = [0, 0, 0]
for k in range(50):
    new, nxt = [0, 0, 0], 0
    for t in (2, 1, 0):
        saving = T * rd * L * V[t]
        new[t] = (F[t] + saving + nxt) / (1 + ru)
        nxt = new[t]
    gap = max(abs(a - b) for a, b in zip(new, V))
    V = new
    if gap < 1e-6:
        break
print(V)
```

ஓர் எல்லை மட்டும் உண்டு. என்றென்றும் ஆண்டுக்கு g விகிதத்தில் வளரும் திட்டமாக இருந்தால், சுருங்கும் அளவு 0.01-ஐ (0.12 − g)-ஆல் வகுத்து வருவது. வளர்ச்சி இல்லையென்றால் அது பன்னிரண்டில் ஒரு பங்கு. வளர்ச்சி 11 சதவீதமானால் சரியாக 1 ஆகிவிடும். அதாவது சுருக்கமே இல்லை, ஒவ்வொரு சுற்றிலும் மதிப்பு ஏறிக்கொண்டே போகும். அப்படி ஓடினால் கணினியைக் குறை சொல்ல வேண்டாம், வளர்ச்சி விகிதத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

விடை சரியா என்று எப்படித் தெரியும்?

எண்கள் நின்றுவிட்டன என்பதால் அவை சரி என்று ஆகாது. தவறான சூத்திரமும் அழகாக ஓர் இடத்தில் போய் நிற்கும். எனவே வேறொரு பாதையில் வந்து சரிபார்ப்பது அவசியம். அதற்குப் பங்கின் செலவு தேவைப்படுகிறது.

கடன் சேரச் சேரப் பங்குதாரரின் அபாயம் கூடுகிறது, ஏனென்றால் வட்டி போக மிஞ்சியதுதான் அவருக்கு. கடன் மதிப்போடு சேர்ந்து நகரும் நமது நிலையில் சூத்திரம் இது:

```
re   = ru + (ru − rd) × D / E
WACC = (E / V) × re + (D / V) × rd × (1 − T)
```

இங்கே E பங்கின் மதிப்பு, அதாவது V-இலிருந்து D-ஐக் கழித்தது. re பங்கின் செலவு, WACC சராசரி மூலதனச் செலவு. கடனும் பங்கும் சரிபாதி என்பதால் பங்கின் செலவு 12 + 4 = 16 சதவீதம். சராசரி மூலதனச் செலவு, 16-இல் பாதி 8, வரி போக 6 சதவீதக் கடனில் பாதி 3, ஆக 11 சதவீதம். இப்போது வரிச் சேமிப்பை எங்கும் சேர்க்காமல் 300, 400, 500-ஐ நேரடியாக 11 சதவீதத்தில் கழித்துப் பாருங்கள். 960.51 வருகிறது.

மூன்றாவது பாதை பங்குதாரரின் கைக்கு வரும் பணம். முதல் ஆண்டில் திட்டம் தரும் 300-இலிருந்து வரி போக வட்டி 28.82 போகிறது. கடன் 480.26-இலிருந்து 383.09-ஆக இறங்க வேண்டும் என்பதால் அசலில் 97.17 போகிறது. மிச்சம் 174.01. இரண்டாம் ஆண்டில் 219.15, மூன்றாம் ஆண்டில் 261.26. இவற்றை 16 சதவீதத்தில் கழித்தால் 480.26, மொத்த மதிப்பில் சரியாகப் பாதி. மூன்று பாதையும் ஒரே இடத்தில் சந்தித்தால் கணக்கு உள்ளுக்குள் ஒத்துப்போகிறது என்று நம்பலாம். சந்திக்கவில்லை என்றால் பெரும்பாலும் ஒரு பாதையில் வரிச் சேமிப்பை 8-லும் இன்னொன்றில் 12-லும் கழித்திருப்பீர்கள்.

அப்படியானால் சுற்றுகள் எதற்கு?

கூர்ந்து பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். விகிதம் 50 சதவீதம் என்று ஒப்பந்தமே சொல்லிவிட்டதால் 11 சதவீதம் நேரடியாகக் கிடைக்கிறது, மதிப்பு தெரிய வேண்டியதே இல்லை. உண்மைதான். கடன் விகிதம் தெரிந்திருந்தால் சராசரி மூலதனச் செலவு வழியில் சுழற்சி இல்லை. கடன் தொகை தெரிந்திருந்தால் ஸ்டூவர்ட் மையர்ஸ் 1974-இல் முன்வைத்த வழியில் சுழற்சி இல்லை. கடனில்லாத மதிப்பைத் தனியாகவும் வரிச் சேமிப்பைத் தனியாகவும் கண்டு கூட்டினால் போதும். சுழற்சி பெரும்பாலும் நாம் தேர்ந்தெடுத்த கருவியால் வருகிறது. கணக்கைத் தொடங்கும் முன் 'எனக்குத் தெரிந்தது விகிதமா, தொகையா' என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

நடைமுறையில் இரண்டும் கலந்தே வருவதுதான் தொல்லை. நமது திட்டத்திலேயே ஒப்பந்தத்தைச் சற்று மாற்றுவோம்: ஒவ்வொரு ஆண்டும் நிலையான 100, அதோடு அந்த நேரத்து மதிப்பில் 30 சதவீதம். இப்போது விகிதமும் தெரியாது, தொகையும் தெரியாது. கடன் சூத்திரத்தை மட்டும் மாற்றி அதே சுற்றுகளை ஓட்டினால் 942.62, 958.00, 958.15 என்று போய் 958.15-இல் நிற்கிறது. (நிலையான 100-இன் வரிச் சேமிப்பைக் கண்டிப்பாகப் பார்த்தால் 8 சதவீதத்தில் கழிக்க வேண்டும். எளிமைக்காக எல்லாவற்றையும் 12-இலேயே கழித்திருக்கிறேன்.)

இந்த எண்களில் சுவையான விஷயம், ஆண்டுக்கு ஆண்டு மாறும் மூலதனச் செலவு. முதல் ஆண்டில் கடன் மதிப்பில் 40.4 சதவீதம், இரண்டாம் ஆண்டில் 43.1, மூன்றாம் ஆண்டில் 52.2. மதிப்பு இறங்கினாலும் அந்த 100 இறங்குவதில்லை அல்லவா? அதனால் பங்கின் செலவு 14.72, 15.03, 16.37 சதவீதம் என்று ஏறுகிறது. சராசரி மூலதனச் செலவு 11.19, 11.14, 10.96 என்று இறங்குகிறது. மூன்று ஆண்டுக்கும் ஒரே விகிதத்தைப் போட முடியாது.

நான் அடிக்கடி பார்க்கும் தவறு இங்கேதான் நிகழ்கிறது. கடன் விகிதத்தை ஒவ்வொரு ஆண்டும் புதுப்பிப்பார்கள், பங்கின் செலவை முதல் ஆண்டின் 14.72-இலேயே விட்டுவிடுவார்கள். மூன்றாம் ஆண்டுக்கு அப்போது 10.96-க்குப் பதில் 10.17 வரும். மலிவான கடனின் பங்கு கூடுகிறது, அதன் அபாயத்துக்கான விலை மட்டும் கூடவில்லை. திட்டம் உண்மையைவிடச் சிறப்பாகத் தெரியும். சுற்றுகளோ அமைதியாக நின்றுவிடும், எந்த எச்சரிக்கையும் வராது. இதைப் பிடிக்க எளிய வழி, ஒவ்வொரு ஆண்டும் வரிக்கு முன் கடனையும் பங்கையும் கலந்த சராசரியைப் பார்ப்பது. நமது சூத்திரப்படி அது எப்போதும் 12 சதவீதமாகவே இருக்க வேண்டும். வேறு எண் வந்தால் அந்த ஆண்டில் ஏதோ ஒன்று புதுப்பிக்கப்படவில்லை.

எக்செலில் செய்யும்போது

எக்செல் இயல்பாகச் சுழற்சியை ஏற்காது. `File > Options > Formulas` சென்று `Enable iterative calculation` என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இயல்பு அமைப்பில் அதிகபட்சம் 100 சுற்றுகள், மாற்றம் 0.001-க்குக் கீழே போனால் நிறுத்தம். இந்த 0.001 சதவீதம் கிடையாது, கட்டத்தில் இருக்கும் எண்ணின் அளவிலேயே எடுக்கப்படுகிறது. 960 என்று எழுதிய கணக்குக்கு அது போதும். அதே தொகையைப் பெரிய அலகில் 0.96 என்று எழுதியிருந்தால் எக்செல் சீக்கிரமே திருப்திப்பட்டு நின்றுவிடும். அப்போது `Maximum Change` எண்ணைக் குறைத்து வையுங்கள்.

இன்னொரு தொல்லை பிழை உள்ளே புகுவது. ஒரு கட்டத்தில் ஒரு கணம் `#DIV/0!` வந்தால் அது வளையத்தைச் சுற்றிவந்து தன்னையே ஊட்டிக்கொள்ளும். காரணத்தைச் சரிசெய்த பிறகும் போகாது. அதனால் கடன் கட்டத்தில் ஒரு துண்டிப்பான் வைப்பது வழக்கம்:

```
=IF($B$1=1, 0, 100 + 0.3*C10)
```

B1-இல் 1 போட்டால் கடன் பூஜ்யமாகி வளையம் அறுந்து பிழை வெளியேறும். மறுபடி 0 போட்டால் சுற்றுகள் புதிதாகத் தொடங்கும். இந்த அமைப்பை இயக்கி வைத்திருக்கும்போது, தெரியாமல் செய்த வேறு சுழற்சிகளைப் பற்றியும் எக்செல் எச்சரிக்காது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிற்காத சுற்று

கடைசியாக, சுற்றுகள் நிற்கவே நிற்காத ஒரு நிலை. கடன் ஒப்பந்தங்களில் வட்டி படிப்படியாக இருப்பதுண்டு. கடன் விகிதம் ஒரு வரம்பைத் தாண்டினால் வட்டி ஏறும். நமது இரண்டாவது ஒப்பந்தத்தின் மூன்றாம் ஆண்டில் வரம்பு 52.18 சதவீதம், அதற்குக் கீழே 8 சதவீத வட்டி, மேலே 9 என்று வைத்துக்கொள்வோம்.

8 சதவீதத்தில் கணக்கிட்டால் மதிப்பு 450.63, கடன் விகிதம் 52.19. வரம்பைத் தாண்டிவிட்டது, எனவே வட்டி 9. வட்டி கூடியதால் வரிச் சேமிப்பு கூடுகிறது, மதிப்பு 451.15 ஆகிறது, விகிதம் 52.17-க்கு இறங்குகிறது. இப்போது வரம்புக்குக் கீழே, ஆகவே வட்டி 8. மதிப்பு மறுபடி 450.63. இந்த இரண்டு எண்களுக்கு நடுவே கணக்கு முடிவில்லாமல் தாவிக்கொண்டே இருக்கும். 100 சுற்று முடிந்ததும் எக்செல் எந்தப் பக்கம் நிற்கிறதோ அதைக் காட்டிவிட்டுப் போய்விடும். `F9` அழுத்தும்போது எண் மாறாமல் இருந்தால்கூட நம்பிவிட வேண்டாம். 100 இரட்டை எண் என்பதால் ஒவ்வொரு முறையும் அதே பக்கத்தில் வந்து நின்றிருக்கலாம். சுற்றுகளின் எண்ணிக்கையை 101 ஆக்கிப் பார்த்தால் தாவல் வெளிப்படும்.

இங்கே சராசரி எடுத்து மெதுவாக நகர்ந்தாலும் பலன் இல்லை, ஏனென்றால் இரண்டு நிபந்தனையையும் நிறைவேற்றும் மதிப்பே இல்லை. ஒப்பந்தத்தைத் திறந்து, வட்டிப் படியை எந்த நாளின் விகிதத்தை வைத்துத் தீர்மானிக்கிறார்கள் என்று பாருங்கள். பொதுவாக அது முந்தைய சோதனை நாளின் விகிதமாக இருக்கும். அப்படியானால் மூன்றாம் ஆண்டின் வட்டி இரண்டாம் ஆண்டின் 43.1 சதவீதத்தைப் பொறுத்தது, 8 சதவீதமே பொருந்தும். வட்டிப் படிக்கான கட்டத்தை முந்தைய ஆண்டின் விகிதத்தோடு இணைத்துவிட்டால் கணக்கு 450.63-இல் நின்றுவிடும்.